பங்கு விலையின் ஸ்பேன்: ஸ்டேக்கில் எதைப் போடுவது?

கேள்வி: ஒவ்வொரு நாளுக்கும் பங்கு விலையின் ஸ்பேன் கண்டுபிடிக்கிற புரோகிராம் எழுதுகிறேன். ஸ்டேக் வைத்துச் செய்ய வேண்டும் என்று தெரியும். சிலர் ஸ்டேக்கில் இன்டெக்ஸைப் போடுகிறார்கள், சிலர் விலையையும் ஸ்பேனையும் ஜோடியாகப் போடுகிறார்கள். ஒப்பிடப்போவது விலையைத்தானே, விலையை மட்டும் போட்டால் ஏன் போதாது? எதைப் போடுவது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்:

விலைப் பட்டியல் முழுவதும் கையில் இருந்தால் இன்டெக்ஸ் மட்டும் போதும். விலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கின்றன, பழையவற்றை நீங்கள் சேமித்து வைப்பதில்லை என்றால் விலையும் ஸ்பேனும் சேர்ந்த ஜோடி. விலையை மட்டும் போட்டால் கணக்கில் பாதிதான் முடியும். அந்த மீதிப் பாதி என்ன என்பது தெரிந்துவிட்டால் எதைப் போடுவது என்ற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ஸ்பேன் என்றால் இன்றைக்கு முடியும்படி, இடைவிடாமல், எத்தனை நாள் விலை இன்றைய விலைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தது என்ற எண்ணிக்கை. இன்றைய நாளும் அதில் சேரும். இன்றிலிருந்து பின்னோக்கி நடந்து போகிறோம் என்று வையுங்கள். இன்றைய விலையைவிட அதிக விலை இருந்த ஒரு நாள் எதிர்ப்படும்போது நின்றுவிடுகிறோம். அதைத் தடை நாள் என்று சொல்லிக்கொள்கிறேன். இன்றைய இன்டெக்ஸ் `i`, தடை நாளின் இன்டெக்ஸ் `p` என்றால் ஸ்பேன் `i - p`. தடை நாளே இல்லை, ஆரம்பம் வரை போய்விட்டோம் என்றால் ஸ்பேன் `i + 1`. ஆக, ஸ்பேனை எண்ணவே வேண்டியதில்லை. தடை நாள் எது என்று தெரிந்தால் ஒரே கழித்தலில் வந்துவிடும்.

இதை ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு அடியாகப் பின்னோக்கி நடந்தே செய்யலாம், விடை சரியாகத்தான் வரும். ஆனால் விலை தொடர்ந்து ஏறிக்கொண்டே போகிற ஒரு பட்டியலில் ஒவ்வொரு நாளும் ஆரம்பம் வரை நடக்க வேண்டியிருக்கும். ஒரு லட்சம் விலைகள் இருந்தால் சுமார் 500 கோடி ஒப்பீடுகள். ஸ்டேக் வந்தால் அது அதிகபட்சம் இரண்டு லட்சத்தில் முடிந்துவிடுகிறது.

### ஸ்டேக்கில் யார் தங்குகிறார்கள்

பழைய நாள்களில் எவையெல்லாம் இனி வரும் ஏதாவது ஒரு நாளுக்குத் தடை நாளாக இருக்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள். 3-ஆம் நாள் விலை 40, 6-ஆம் நாள் விலை 41 என்று வைத்துக்கொள்வோம். 6-க்குப் பிறகு வரும் எந்த நாளுக்கும் 3-ஆம் நாள் தடையாக இருக்கவே முடியாது. அந்தப் புது நாளின் விலையைவிட 40 அதிகம் என்றால் 41-ம் அதிகம்தானே? பின்னோக்கி நடக்கிறவர் முதலில் 6-ஆம் நாளில்தான் முட்டி நிற்பார். வரிசையில் உயரமானவர் ஒருவர் நின்றால், அவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற குள்ளமானவர் நம் கண்ணுக்குத் தெரியமாட்டார், அதே கதை.

அதனால் புது விலை வந்ததும், அதைவிடக் குறைந்த அல்லது அதற்குச் சமமான விலை கொண்ட பழைய நாள்களைத் தைரியமாகத் தூக்கி எறிந்துவிடலாம். எஞ்சி நிற்பவை கீழிருந்து மேலாக விலை இறங்கிக்கொண்டே வரும்படி இருக்கும். எறிய வேண்டியவை எல்லாம் எப்போதும் மேலேதான் கிடக்கும், நடுவில் கைவிட்டு எடுக்க வேண்டிய தேவை வராது. இதனால்தான் இங்கே ஸ்டேக் சரியாகப் பொருந்துகிறது.

```python
def stock_span(prices):
    span = [0] * len(prices)
    stack = []                      # இன்டெக்ஸ் மட்டும்
    for i, p in enumerate(prices):
        while stack and prices[stack[-1]] <= p:
            stack.pop()
        span[i] = i - stack[-1] if stack else i + 1
        stack.append(i)
    return span
```

உள்ளே ஒரு `while` இருப்பதைப் பார்த்து இதுவும் பழைய வேகம்தான் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஒப்பீடும் இரண்டில் ஒன்றைச் செய்கிறது: ஒரு நாளை வெளியேற்றுகிறது, அல்லது அன்றைய தேடலை நிறுத்துகிறது. ஒரு நாள் ஒரு முறைதான் உள்ளே போகிறது, எனவே ஒரு முறைக்கு மேல் வெளியேறவும் முடியாது. நிறுத்தலும் நாளுக்கு ஒன்றுதான். மொத்தம் `2n`-ஐத் தாண்டாது. ஏதோ ஒரு நாள் மட்டும் ஆயிரம் பேரை வெளியேற்றலாம், ஆனால் அந்த ஆயிரம் பேரை அதற்குப் பிறகு யாரும் தொடப்போவதில்லை.

### ஒரு கணக்கை ஓட்டிப் பார்ப்போம்

எட்டு நாள் விலைகள், இன்டெக்ஸ் 0-இலிருந்து:

```
i       0   1   2   3   4   5   6   7
prices 42  38  40  40  35  37  41  45
```

0-ஆம் நாள் ஸ்டேக் காலி, ஸ்பேன் 1. 1-ஆம் நாள் 38, மேலே இருக்கும் 42 அதைவிட அதிகம், எனவே `1 - 0 = 1`. இப்போது ஸ்டேக் `[0, 1]`. 2-ஆம் நாள் 40 வருகிறது. அது 38-ஐ வெளியேற்றுகிறது, 42-இல் நிற்கிறது, ஸ்பேன் 2, ஸ்டேக் `[0, 2]`.

3-ஆம் நாளும் 40. சமம் என்பதால் 2-ஆம் நாளும் வெளியேறுகிறது, ஸ்பேன் `3 - 0 = 3`, ஸ்டேக் `[0, 3]`. `<=` என்று எழுதியதன் பலன் இந்த இடத்தில்தான் தெரியும். `<` என்று எழுதியிருந்தால் 2-ஆம் நாளிலேயே நின்று ஸ்பேன் 1 என்று சொல்லியிருக்கும்.

4-ஆம் நாள் 35 யாரையும் அசைக்கவில்லை, ஸ்பேன் 1. 5-ஆம் நாள் 37, அது 35-ஐ மட்டும் வெளியேற்றுகிறது, ஸ்பேன் `5 - 3 = 2`. இப்போது ஸ்டேக் `[0, 3, 5]`, விலைகளாகப் பார்த்தால் 42, 40, 37.

6-ஆம் நாளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். விலை 41. முதலில் 5-ஆம் நாள் வெளியேறுகிறது, பிறகு 3-ஆம் நாள். மேலே வந்து நிற்பது 0-ஆம் நாள், விலை 42. ஸ்பேன் `6 - 0 = 6`. 1, 2, 4 ஆகிய நாள்கள் ஸ்டேக்கில் இல்லவே இல்லை, இருந்தாலும் கணக்கில் அவையும் சேர்ந்துவிட்டன. 7-ஆம் நாள் 45 எல்லாரையும் காலி செய்கிறது, ஸ்பேன் `7 + 1 = 8`.

விடை: `[1, 1, 2, 3, 1, 2, 6, 8]`.

### விலை மட்டும் ஏன் போதாது

மேலே ஓட்டியதில் ஸ்டேக்கின் உச்சியிடம் நாம் இரண்டு கேள்விகள் கேட்டோம். "உன் விலை என்ன?" என்பது ஒன்று, வெளியேற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய. "நீ எங்கே இருக்கிறாய்?" என்பது இன்னொன்று, தூரத்தைக் கழித்துப் பார்க்க. விலை மட்டும் இருந்தால் முதல் கேள்விக்குப் பதில் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. இன்டெக்ஸ் இருந்தால் `prices[stack[-1]]` என்று எட்டிப் பார்த்து விலையை எடுத்துக்கொள்ளலாம், தூரமும் கிடைக்கும். இன்டெக்ஸிலிருந்து விலைக்குப் போக வழி இருக்கிறது, விலையிலிருந்து இன்டெக்ஸுக்குத் திரும்ப அப்படி நேரான வழி இல்லை. இன்டெக்ஸைப் போடச் சொல்வதன் முழுக் காரணம் இவ்வளவுதான்.

விலையைப் போட்டுவிட்டு, அதன் இடத்தை `prices.index(...)` வைத்துத் தேடிக்கொள்ளலாமே என்று தோன்றும். அது மெதுவாக ஓடும் என்பது ஒரு பக்கம். அதைவிட மோசம், தவறான விடை வரும். `index` எப்போதும் அந்த மதிப்பு முதன்முதலில் வந்த இடத்தைத்தான் தரும். நம் பட்டியலில் 4-ஆம் நாளுக்கு வாருங்கள். உச்சியில் 40 இருக்கிறது, அது 3-ஆம் நாளின் 40. ஆனால் `prices.index(40)` கொடுப்பது 2. ஸ்பேன் `4 - 2 = 2` என்று வரும், சரியான விடையோ 1. 5-ஆம் நாளும் இதே மாதிரி 2-க்குப் பதில் 3 ஆகிவிடும். 6, 7-ஆம் நாள்களில் மறுபடி சரியாகிவிடுவதால், கடைசி விடையை மட்டும் பார்ப்பவர்களுக்குக் கோளாறு கண்ணில் படாது.

விடாப்பிடியாக விலையை வைத்தே செய்ய வேண்டும் என்றால், ஒவ்வொரு விலையும் கடைசியாக வந்த நாளை ஒரு டிக்‌ஷனரியில் குறித்துக்கொண்டே வரலாம். `<=` வைத்து வெளியேற்றும்வரை ஒரே விலை ஸ்டேக்கில் இரண்டு முறை இருக்காது, உள்ளே இருப்பது எப்போதும் அதன் கடைசி வருகைதான். ஆகவே விடை சரியாக வரும். ஆனால் அப்படிச் செய்யும்போது இன்டெக்ஸை வேறோர் இடத்தில் ஒளித்து வைத்துவிட்டுச் சுற்றி வளைத்துப் போகிறீர்கள். நேராக இன்டெக்ஸையே போட்டுவிடலாம்.

விலையையும் இன்டெக்ஸையும் ஜோடியாகப் போடுகிறவர்களும் உண்டு. தப்பில்லை. பட்டியல் பக்கத்திலேயே இருக்கும்போது விலையை இரண்டாம் முறை எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

### இன்டெக்ஸைப் போட்ட பிறகும் சறுக்கும் இடங்கள்

சரி, இன்டெக்ஸ் என்று முடிவு செய்தாயிற்று. அதன் பிறகும் இரண்டு தவறுகள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, கடைசியாக வெளியேறிய நாளை ஸ்பேனின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டு `i - popped + 1` போடுவது. 6-ஆம் நாளில் கடைசியாக வெளியேறியது 3, எனவே `6 - 3 + 1 = 4` வரும். சரியான விடை 6. 3-ஆம் நாள் உள்ளே வந்தபோது 2-ஐ வெளியேற்றியது, அந்த 2 அதற்கு முன் 1-ஐ வெளியேற்றியது. அந்த இரண்டு நாள்களும் 3-இன் நிழலில் இருக்கின்றன. இன்னொன்று, எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று எண்ணி ஒன்று கூட்டுவது. 6-ஆம் நாளில் இரண்டு பேர் வெளியேறினார்கள், விடை 3 என்று வரும். அதுவும் தவறு, காரணம் அதேதான். வெளியேறுகிற ஒவ்வொருவரும் தனி ஆள் இல்லை, ஒரு கூட்டத்தின் தலைவர். தூரத்தைச் சரியாகச் சொல்லக்கூடியவர் வெளியேறாமல் உச்சியில் நிற்கிறவர் மட்டுமே.

இவற்றைச் சோதிக்க எந்தப் பட்டியலைக் கொடுக்கிறோம் என்பது முக்கியம். `5, 4, 3, 6` மாதிரி இறங்கிவிட்டு ஒரே தாவில் ஏறுகிற பட்டியலில் மேலே சொன்ன இரண்டு தவறுகளுமே சரியான விடையைத் தந்து தப்பித்துவிடும். `1, 2, 3` கொடுத்தால் போதும், மூன்றாம் விலையிலேயே இரண்டும் மாட்டிக்கொள்ளும்: 3 வர வேண்டிய இடத்தில் 2 வரும்.

எங்கு பார்த்தாலும் கிடைக்கிற `100, 80, 60, 70, 60, 75, 85` என்ற உதாரணத்துக்கும் ஒரு குறை உண்டு. அதில் 60 இரண்டு முறை வருகிறது, ஆனால் இரண்டாவது 60 வரும்போது முதல் 60 ஏற்கெனவே வெளியேறியிருக்கும். சமமான இரண்டு விலைகள் நேருக்கு நேர் ஒப்பிடப்படவே இல்லை. அதனால் `<=` இருக்க வேண்டிய இடத்தில் `<` எழுதியிருந்தாலும், `prices.index` வைத்துத் தேடியிருந்தாலும் இந்த உதாரணத்தில் `1, 1, 1, 2, 1, 4, 6` என்று சரியான விடையே வரும். உங்கள் புரோகிராம் இதில் தேறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். `40, 40, 30` என்பதையும் ஒரு முறை ஓட்டுங்கள், `1, 2, 1` வர வேண்டும்.

ஸ்டேக் காலியா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பதைத் தவிர்க்க, அடியில் `-1` போட்டு வைக்கும் பழக்கமும் உண்டு. `i - (-1)` என்பது `i + 1` ஆகிவிடுவதால் சூத்திரம் ஒன்றாகிவிடுகிறது, அழகான உத்திதான். ஆனால் பைத்தானில் `prices[-1]` என்றால் பட்டியலின் கடைசி விலை. எந்தப் பிழையும் காட்டாமல் அதனோடு ஒப்பிட்டுக்கொண்டு போகும். நம் எட்டு நாள் பட்டியலில் கடைசி விலை 45 என்பதால் 6-ஆம் நாள் வரை எல்லாம் சரியாக ஓடிவிட்டு, 7-ஆம் நாளில் `-1`-உம் வெளியேறி, `IndexError` வரும். அந்த உத்தியைப் பயன்படுத்தினால் `while stack[-1] != -1 and ...` என்று நிபந்தனையையும் மாற்றியாக வேண்டும்.

### விலைகள் ஒவ்வொன்றாக வரும்போது

லீட்கோடில் 901-ஆம் கணக்கு இந்த வகை. `next(price)` என்று ஒரு விலை வரும், அப்போதே அதன் ஸ்பேனைச் சொல்ல வேண்டும். பட்டியல் என்று ஒன்று இல்லை. இன்டெக்ஸ் மட்டும் போட்டால் எட்டிப் பார்க்க விலை இருக்காது, வந்த விலைகளையெல்லாம் தனியாகச் சேமித்தாக வேண்டும். அதற்குப் பதில் விலையும் ஸ்பேனும் சேர்ந்த ஜோடி:

```python
class StockSpanner:
    def __init__(self):
        self.stack = []

    def next(self, price):
        span = 1
        while self.stack and self.stack[-1][0] <= price:
            span += self.stack.pop()[1]
        self.stack.append((price, span))
        return span
```

இங்கே தூரத்தைக் கழித்துப் பார்க்கவில்லை, வெளியேறுகிறவர்களின் ஸ்பேனைக் கூட்டுகிறோம். 6-ஆம் நாளில் வெளியேறுவது `(37, 2)`, `(40, 3)`. இன்றைய 1-ஐச் சேர்த்தால் `1 + 2 + 3 = 6`. வெளியேறுகிறவர் ஒரு கூட்டத்தின் தலைவர் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கூட்டத்தின் அளவை அவர் கையிலேயே கொடுத்து வைத்திருக்கிறோம். `span += 1` என்று எழுதினால் முன்பு பார்த்த எண்ணிக்கைத் தவறு இங்கேயும் திரும்ப வந்துவிடும்.

நினைவக விஷயத்தில் இதற்கு ஒரு லாபம் உண்டு: வெளியேறிய விலைகள் நிஜமாகவே போய்விடுகின்றன. விலை இறங்கிக்கொண்டே இருக்கிற மோசமான நிலையில் மட்டும் யாரும் வெளியேறாமல் ஸ்டேக் `n` வரை வளரும். விலையும் வரிசை எண்ணும் சேர்ந்த ஜோடியும் இங்கே வேலை செய்யும், அதற்கு இதுவரை எத்தனை விலை வந்தது என்று ஒரு கவுன்ட்டர் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எதை எடுத்தாலும் சரி. எனக்கு ஸ்பேன் ஜோடிதான் பிடிக்கும், ஏனென்றால் அதில் வெளியே தனியாக எந்த எண்ணையும் பராமரிக்க வேண்டாம்.

நிஜமான விலைத் தரவை எடுத்து விளையாடுகிறவர்கள் இன்டெக்ஸுக்குப் பதில் தேதியைப் போட்டுவிடுவதும் உண்டு. தேதியும் இடத்தைக் குறிப்பதுதானே என்று தோன்றும். ஆனால் சனி, ஞாயிறு சந்தை கிடையாது. வெள்ளிக்கிழமை விலை தடையாக இருந்து திங்கட்கிழமை ஸ்பேன் கணக்கிட்டால், தேதிகளைக் கழித்தால் 3 வரும், சந்தை நடந்த நாள்களை எண்ணினால் 1. ஸ்பேனுக்கு வேண்டியது வரிசையில் எத்தனையாவது என்பது, காலண்டர் இல்லை. தேதி வேண்டுமென்றால் தனிப் பட்டியலில் வைத்துக்கொண்டு, அதே இன்டெக்ஸ் மூலம் எடுத்துக்கொள்ளுங்கள்.

### ஸ்டேக்கே இல்லாமலும் முடியும்

எதைப் போடுவது என்ற கேள்வியை இன்னும் ஒரு அடி தள்ளிக்கொண்டு போனால் சுவாரசியமான ஓர் இடத்துக்கு வருகிறோம். ஸ்டேக்கில் `j` என்ற நாளுக்கு நேர் கீழே இருப்பது யார்? `j`-யின் தடை நாள். அதன் இன்டெக்ஸ் `j - span[j]`. அதாவது, `span` பட்டியலை நிரப்பிக்கொண்டே வரும்போது, ஸ்டேக்கில் ஒருவருக்குக் கீழே யார் என்ற தகவலும் அதற்குள்ளேயே பதிவாகிவிடுகிறது. அதனால், `span`-ஐ முன்போலவே `[0] * len(prices)` என்று தொடங்கிவிட்டு, இப்படியும் எழுதலாம்:

```python
for i, p in enumerate(prices):
    j = i - 1
    while j >= 0 and prices[j] <= p:
        j -= span[j]
    span[i] = i - j
```

6-ஆம் நாளை இதில் ஓட்டினால், `j` முதலில் 5. 37 குறைவு, `span[5]` 2, எனவே 3-க்குத் தாவுகிறது. 40-ம் குறைவு, `span[3]` 3, எனவே 0-க்குத் தாவுகிறது. 42 அதிகம், நிற்கிறது. விடை 6. தொட்ட நாள்கள் 5, 3, 0, ஸ்டேக் வைத்துச் செய்தபோது உச்சிக்கு வந்த அதே மூன்று, அதே வரிசையில். ஒப்பீடுகளின் எண்ணிக்கையும் மாறாது. தடையே இல்லாவிட்டால் `j` தானாகவே `-1`-இல் வந்து நிற்கும், `i + 1`-க்குத் தனி வரி வேண்டாம். `j >= 0` முதலில் பார்க்கப்படுவதால் `prices[-1]` தொல்லையும் இல்லை.

வகுப்பிலோ நேர்காணலிலோ ஸ்டேக் வைத்துக் கேட்டால் இன்டெக்ஸ் வடிவத்தையே எழுதுங்கள், படிக்கிறவருக்கு அது சட்டென்று புரியும். `span` பட்டியலை எப்படியும் திருப்பிக் கொடுக்கப்போகிற இடத்தில், கூடுதல் நினைவகம் வேண்டாம் என்றால், இந்த மூன்றாவது வடிவம் போதும்.